புகாரே வராத புகார் முகவரி

குடிநீர் அலுவலகத்தில் அவளை வலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக அலுவலகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேசை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொள்ளாமலிருக்கக் கற்கவே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நாட்டின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொண்டு முடிகிற இணைய முகவரிகள் வந்துவிட்டன என்று இயக்குநர் எங்கோ கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே, "நமக்கும் ஒண்ணு வேணும்" என்றார். நல்ல விஷயந்தான். வலையக்காவுக்கும் ஆசை இருந்தது. இங்கிலீஷ் எழுத்துத் தெரியாத எத்தனையோ பேர் தினமும் கவுண்டரில் வந்து நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

பெயர் வைக்க ஒரு குழு போட்டார்கள். ஏழு மாதம் கூடினார்கள். முதலில் வந்த பெயர் 'மாநகரக்குடிநீர்வழங்கல்மற்றும்கழிவுநீரகற்றல்வாரியம்'.

"இது கொள்ளாதுங்க சார்" என்றாள் வலையக்கா. "நாம தமிழ்ல அடிச்சாலும் உள்ளுக்குள்ள அது இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமா மாறித்தான் போகும். எக்ஸ், என், ரெண்டு கோடுன்னு ஆரம்பிக்கும். அப்படி மாறினப்புறம் ஒரு பகுதி அறுபத்து மூணு எழுத்தைத் தாண்டக்கூடாது."

"தமிழ்ல வைக்கச் சொன்னா எக்ஸ்ங்கிறீங்களே" என்று முகம் சுளித்தார் நிர்வாக அதிகாரி.

"பாக்குறவங்களுக்குத் தமிழ்தாங்க தெரியும். அது வேஷம் போட்டுக்கிட்டுப் போறது வழியில மட்டுந்தான்."

கடைசியில் 'குடிநீர்' என்று முடிவாயிற்று. அப்போதும் கணக்கதிகாரிக்கு ஒரு சந்தேகம்: ர் மேல் இருக்கும் புள்ளியும் முகவரியைப் பிரிக்கும் புள்ளியும் ஒன்றுதானா, ஒன்றென்றால் ஒன்றை மிச்சப்படுத்தலாமே என்று. அதைத் தீர்க்க இன்னொரு கூட்டம் நடந்தது.

பிரச்சினை அங்கே இல்லை. 'புகார்' என்று தமிழிலேயே ஒரு மின்னஞ்சல் பெட்டியும், தன் பெயரில் இன்னொன்றும் வேண்டும், இனி எல்லாப் புகாரும் புகார் பெட்டிக்கு மட்டுமே வரவேண்டும், பழைய பெட்டியை மூடிவிட வேண்டும் என்றார் இயக்குநர். வலையக்கா குறிப்பெழுதினாள். இணையதள முகவரிக்கு அந்த இங்கிலீஷ் வேஷம் உண்டு. மின்னஞ்சலில் @ குறிக்கு முன்னால் வரும் பெயருக்கு அப்படி ஒரு வேஷம் கிடையாது. அனுப்புகிற சர்வர், வாங்குகிற சர்வர் இரண்டும் தமிழ் எழுத்தை அப்படியே ஏற்கச் சம்மதிக்க வேண்டும். நம் சர்வரில் அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் குப்பை அஞ்சல் வடிகட்டியோ பழசு, அதற்குத் தமிழ் முகவரி என்றால் என்னவென்றே தெரியாது.

குறிப்பின் மேல் 'பார்க்கப்பட்டது' என்று பச்சை மையில் எழுதிக் கோப்பில் கட்டிவிட்டார்கள்.

திறப்பு விழா அமோகமாக நடந்தது. இயக்குநர் தமிழில் முகவரியை அடித்தார், தளம் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். குடிநீர்க் கட்டண ரசீதின் அடியில் புகார் முகவரி தமிழில் அச்சாகி வீடு வீடாகப் போயிற்று.

ஒரு மாதம் கழிந்தது. புகார் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழிந்தது. அப்போதும் இல்லை. ஆண்டறிக்கையில் ஒரு வரி ஏறியது: 'தாய்மொழி முகவரி அறிமுகமான பின் புகார்கள் முற்றிலுமாக ஒழிந்தன.' அந்த வரிக்காக இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வலையக்கா இரண்டாவது குறிப்பெழுதினாள். அதுவும் பார்க்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். தமிழ் மட்டும் வாசிப்பார். கடை வாசலில் தொட்டி காய்ந்து கிடந்தது. டியூபைக் காதோரம் வைத்து எங்கே காற்றுப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணியில முக்கிப் பாக்க வேண்டியதுதானே அண்ணா?"

"தண்ணி எங்கம்மா வருது? மூணு வாரமாச்சு. உங்க ஆபீசுக்கு எழுதிட்டேன், தமிழ்லயே. குறை சொல்லக்கூடாது, அடுத்த நிமிஷமே பதில் போட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல எவ்வளவு நீளமா எழுதியிருக்காங்க பாரு. பெரிய அதிகாரியாத்தான் இருக்கணும்."

போனை வாங்கிப் பார்த்தாள். கடிதம் போய்ச் சேரவில்லை, வாங்கும் சர்வர் இவ்வகை முகவரியை ஏற்பதில்லை என்று அஞ்சல் சேவை தானாகத் திருப்பியனுப்பிய அறிவிப்பு அது. அண்ணன் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் எழுதியதற்கும் அதே மாதிரி வந்ததாம்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரியே எழுதியிருக்காங்கம்மா. ஆளுக்கு ஆள் பாரபட்சம் இல்ல" என்றார் திருப்தியாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தாள். பதினான்கு வருஷம் வேலை பார்த்து, தன் அண்ணன் கதவைத் தட்டினால் திறக்காத ஒரு வாசலுக்குத் தானே பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருக்கிறோம் என்று தோன்றியது.

மறுநாள் மூன்றாவது குறிப்பு எழுதினாள். இந்தத் தடவை அண்ணன் பெயரையோ மக்கள் பெயரையோ இழுக்கவில்லை. 'இயக்குநர் அவர்களின் புதிய தமிழ் மின்னஞ்சல் முகவரிக்கு மேலிடத்திலிருந்து வரும் பாராட்டுக் கடிதங்கள் திரும்பிப் போக வாய்ப்புள்ளது' என்று ஒரே வரி. அரைமணி நேரத்தில் அனுமதி கீழே வந்துவிட்டது.

சர்வர் அறைக்காரரும் அவளும் உட்கார்ந்து வடிகட்டியைப் புதுப்பித்தார்கள். அதற்கு ஒரு பகல் பிடித்தது. சர்வரில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே வரி: 'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' ஆக்க வேண்டும்.

"இதுக்கா நாலு மாசம்?" என்றார் அவர்.

"இதுக்கு ரெண்டு நிமிஷம். மீதி கையெழுத்துக்கு" என்றாள்.

அண்ணனுக்குப் போன் செய்து மறுபடி அனுப்பச் சொன்னாள். வந்து விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அனுப்பினார்கள். அந்த வார முடிவில் நானூற்றுப் பன்னிரண்டு புகார்கள் சேர்ந்திருந்தன.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். கேடயம் மேசைமேல் பளபளத்தது.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. என்னம்மா பண்ணினீங்க?"

"இப்பத்தாங்க சார் வேலை செய்யுது."

"அதை முன்ன மாதிரியே வச்சிடலாமே. என் பெட்டி மட்டும் வேலை செஞ்சாப் போதும்."

"செஞ்சிடலாங்க சார். தமிழ்ல வர்ற புகாரை நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு எழுத்துல குடுத்தீங்கன்னா இன்னிக்கே செஞ்சிடுறேன்."

இயக்குநர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார்.

தண்டனை வேறு வழியில் வந்தது. இத்தனை புகார்களையும் வாசித்துப் பிரித்து அனுப்பும் வேலையை, விஷயம் தெரிந்தவள் என்று அவள் தலையிலேயே கட்டினார்கள். மேசை மாடிப்படிக்கடியிலிருந்து புகார்ப் பிரிவுக்கு மாறியது. அங்கே நிமிர்ந்து நிற்க இடமிருந்தது.

பத்து நாளில் குழாய்ப் பிரிவினர் அண்ணன் தெருவைத் தோண்டினார்கள். அடைப்பை எடுத்துவிட்டு, தோண்டியதை மூடாமல் போனார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறிய மகிழ்ச்சியில் அண்ணன் அன்று மத்தியானமே அடுத்த மின்னஞ்சலை எழுதினார், பள்ளத்தைப் பற்றி.

அதைப் படித்து மாநகராட்சியின் சாலைப் பிரிவுக்கு அனுப்பினாள். அந்தப் பிரிவின் சர்வர் தமிழ் முகவரியிலிருந்து வரும் கடிதங்களை வாங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. வலையக்கா கடிதத்தை அச்செடுத்து, உறையில் போட்டு, எழுந்து நடந்தாள்.