இரண்டரைக்கு இடமில்லை

கமலாக்ஷி டீச்சரைப் பிடிக்காதவர்கள் மட்டாஞ்சேரியில் நிறையப் பேர். காரணம் கேட்டால், "எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேப்பா" என்பார்கள். அறிவியல் டீச்சர் வேறென்ன கேட்க வேண்டுமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே இருந்தது அவருடைய பள்ளி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குழுக் குழுவாக அறிவியல் புராஜெக்ட் செய்வார்கள். அதில் ஒரு குழுதான் எறணாகுளம் கண்காட்சிக்குப் போகும். நடுவர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள்: எல்லாருக்கும் எழுபது, பள்ளியின் சொந்தக்காரரான மேனேஜர் வீட்டுப் பிள்ளை இருக்கும் குழுவுக்கு எழுபத்தைந்து. ஒரு சாயா ஆறுவதற்குள் அறிவியல் முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் டீச்சர் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டினார். கேட்ட கேள்வி, சோதித்த முறை, கண்ட முடிவு, குழுவில் எல்லாருக்கும் புரிந்ததா என நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை. 'நன்று', 'மிக நன்று' என்ற ஜவ்வு மிட்டாய் கிடையாது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதினார். சோதித்த முறைக்கு இப்படி: ஒன்று, பொருள் செய்தார்கள், எதையும் சோதிக்கவில்லை. இரண்டு, சோதித்தார்கள், ஒப்பிட எதுவும் இல்லை. மூன்று, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் ஒரேபோல வைத்து ஒப்பிட்டார்கள். நான்கு, அதையே திரும்பவும் செய்து, ஒத்துவராத முடிவையும் மறைக்காமல் சொன்னார்கள்.

ஹெட்மாஸ்டர் வெங்கிடேஸ்வரன் தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்.

"நாலு எதுக்கு டீச்சரே? அஞ்சாக்குங்கோ. நடுவிலே ஒண்ணு வேண்டாமா?"

"நடு இருந்தா எல்லாரும் அங்கேயே போய் உக்காந்துடுவா சார். நாலுன்னா மேலயா கீழயான்னு சொல்லியே ஆகணும்."

"அப்படிச் சொன்னா மனுஷாளுக்கு மனஸ்தாபம் வராதோ?"

"வரட்டும். புராஜெக்டுக்குத்தானே மார்க்கு, மனுஷாளுக்கு இல்லையே."

போட்டி நாளில் மேனேஜரின் பேரன் குழு அணைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. தெர்மகோல் மலை, நீல வர்ணம், பொத்தானை அழுத்தினால் பல்பு. கட்டியவர் அவர்கள் வீட்டு ஆசாரி. ஆசாரிக்கு நான்காம் நிலை கொடுக்க எனக்கும் சம்மதம்தான். ஆனால் அவர் ஏழாம் வகுப்பில் படிக்கவில்லை.

இஞ்சிக் கிடங்கில் கூலிக்குப் போகிற பெண்ணின் மகள் மாடத்தி. அவள் குழுவிடம் ஆறு அலுமினியத் தட்டு. கிணறு, பைப்பு, காயல் மூன்று தண்ணீரையும் ஒரே அளவு ஊற்றி, ஒரே வெயிலில் வற்றவிட்டு, எதில் உப்பு அதிகம் மிஞ்சுகிறது என்று பார்த்திருந்தார்கள். திரும்பவும் செய்திருந்தார்கள்.

குழுவில் யார் பதில் சொல்வது என்பதற்குச் சீட்டு. அதுவும் டீச்சரின் ஏற்பாடு. வாயாடி ஒருத்தியை முன்னே நிறுத்தி மற்றவர்கள் ஒளிந்துகொள்ளக்கூடாது. அணைக்கட்டில் சீட்டு பேரனுக்கே விழுந்தது. பல்பு எப்படி எரிகிறது என்று கேட்டார்கள். "பொத்தான் அழுத்தினா எரியும்" என்றான். அடுத்த குழுவில் சீட்டு மாடத்திக்கு. என்ன கண்டீர்கள் என்றதற்கு அவள் சொன்னாள்: "ரெண்டாந்தரம் பைப்புத் தண்ணியில உப்பு கூடுதலா வந்துச்சு சாரே. தட்டைச் செரியா கழுவலியோ என்னவோ. தெரியல. அதையும் எழுதிருக்கோம்."

நடுவர்கள் மூவரும் தாளைத் திருப்பித் தந்தார்கள். எல்லாக் கட்டத்திலும், எல்லாக் குழுவுக்கும், 2½.

நடுவில் இடமில்லை என்றதும் வாசற்படியில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள்! பாதியைக் கண்டுபிடித்ததற்காக இவர்களையல்லவா எறணாகுளம் அனுப்பியிருக்க வேண்டும்?

"எல்லாம் சமம்னா மேனேஜர் முடிவு பண்ணட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர், பல் தெரிய.

"சமம் இல்லே சார். வாசிக்கலே." டீச்சர் நடுவர்களில் மூத்தவரான மிளகு வியாபாரி ராசப்பன் முன் தாளை விரித்தார். "சேட்டா, அணைக்கட்டுல எதைச் சோதிச்சா?"

"அது... நல்ல பங்கியா, பாக்க அழகா இருக்கே."

"பங்கிக்குக் கட்டம் இல்லே. எதைச் சோதிச்சா?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ எந்த வாக்கியம்?"

ராசப்பன் ஒன்றாம் நிலையில் விரலை வைத்தார்; மேனேஜருக்காகப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்து எடுத்தார்; டீச்சரைப் பார்த்து மறுபடி வைத்தார். வரி வரியாக வாசித்து முடித்தபோது பதினாறுக்கு மாடத்தி குழு பதினான்கு, அணைக்கட்டு ஐந்து.

"இதெல்லாம் நமக்குள்ளே ஒரு பரீட்சைதானே" என்று ஹெட்மாஸ்டர் அணைக்கட்டின் பெயரை விண்ணப்பத்தில் எழுதி நீட்டினார். வழிகாட்டிய அறிவியல் ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான்.

"பேரை மாத்துங்கோ, போடறேன்."

"மேனேஜர் கிட்ட நான் எப்படிப் பறைவேன்?"

"பதினாலு, அஞ்சுன்னு பறையுங்கோ."

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் மாலை ஹெட்மாஸ்டர் பெயரை அடித்து எழுதினார். மாடத்தியும் கூட்டாளிகளும் ஆறு தட்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு படகேறினார்கள்.

அடுத்த ஜூனில் டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பு ஒதுக்கப்பட்டது. 'குழந்தைகளிடம் அவருக்கு இருக்கும் பிரியத்தை உத்தேசித்து' என்றார்கள். அவருடைய தாளை மேனேஜர் அழகாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, ஹெட்மாஸ்டர் அறையில் மாட்டினார். போய்ப் பாருங்கள். ஐந்து நிலை இருக்கிறது. நடுவில் உள்ளதில் ஒரு வாக்கியமும் இல்லை. 'பரவாயில்லை' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது.