மூன்று வருஷக் கணக்கு

நூலுக்குக் கஞ்சி போடும் சின்ன ஆலையில் நான் மேனேஜர். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டைப் புதுப்பிக்க, ஆலையில் கணக்கு எழுதும் அம்மாவோடு இன்சூரன்ஸ் கம்பெனியின் திருத்தணிக் கிளைக்குப் போனேன். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் ஆலையில்தான் அவர் கணவர் உருளையில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் அவர் வேலைக்கு வந்தார்.

உருளைகளுக்குப் போட்ட கம்பிக் கூண்டின் படங்களையும், தினமும் மிஷின் ஓடுமுன் அந்த அம்மாவே பார்த்துக் கையெழுத்துப் போடும் சோதனைத் தாள்களையும் அதிகாரியிடம் காட்டினேன். மூன்று வருஷமாக ஒரு கிளெய்ம்கூட இல்லை, பிரீமியத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று விடாமல் வாதாடினேன்.

"நல்லா இருக்குதுங்க. மேலிடத்துக்கு எழுதுறேன், குறைப்பாங்க" என்றார் அவர்.

அந்த அம்மா தயங்கி, "அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு இருக்குதுங்க சார்" என்றார்.

"ஆங், தெரியும்மா. மூணு வருஷந்தான் பாப்போம். இனிமே அது கணக்குல வராது."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வேலை முடிந்த நேரத்தில் இதை ஏன் கிளறுகிறார்?

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மா கேட்டார்: "அப்போ இனிமே எந்தக் காயிதத்துலயும் அவரு இல்லீங்களா?"