ஏழாம் மாதத்துப் பொய்

மருத்துவிச்சி ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். எங்கள் குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நீல நிற சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவா மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினால், அந்த வீட்டில் யாரோ பெரிய பிழை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஐம்பத்தோராம் ஆண்டில் வடமராட்சியிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வந்தவ. இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பி வந்த குடும்பங்களுக்குக் காணி இருந்தது, பிள்ளைப்பேறு பார்க்க ஒருத்தியும் இல்லை. அவா கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "உங்கட பிள்ளைகளைப் பிடிச்சு முடியட்டும்" என்பா.

என் மகன் பாலனையும் அவாதான் பிடித்தா. ஐம்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில். எனக்குத் தாலி ஏறியது அந்த வருடம் வைகாசியில். மாமனார் செத்த துடக்கால் கலியாணம் பிந்திப் போயிருந்தது. அதற்கு முன்பே நான் சுமந்துவிட்டேன். பிள்ளை பிறந்ததும் ஊருக்கு ஏழாம் மாதத்தில் பிறந்தது என்று சொன்னோம். ஜெகதீஸ்வரி மிஸி பிள்ளையைத் தராசில் போட்டா. ஆறரை றாத்தல். விரலைத் தாண்டி வளர்ந்த நகத்தைப் பார்த்தா, கன்னத்துக் கொழுப்பைக் கிள்ளிப் பார்த்தா, உள்ளங்காலில் நிறைந்திருந்த கோடுகளையும் பார்த்தா. என்னை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் புத்தகத்தில் எழுதினா. அதன்பின் பதினொரு வருடம் அதைப்பற்றி அவா வாய் திறக்கவில்லை.

அந்தப் பொய் என்னை விட்டுவிட்டு ஊருக்குள்ளே நடந்தது. ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தப்பாது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அதற்குச் சாட்சி கேட்டால் என் பாலனைக் காட்டினார்கள். நான் அம்மன் கோயிலில் விளக்கேற்றிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் என் தம்பி இளையதம்பியின் மனிசி விமலேஸ்வரிக்கு ஏழாம் மாதக் கடைசியில் வயிற்று வலி கண்டது. நான் போனபோது குசினியில் ஆமணக்கெண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. தம்பி கலண்டரைக் கையில் வைத்திருந்தான்.

"இன்னும் இரண்டு நாளில எட்டு பிறக்குது, அக்கா. அதுக்குள்ள பிள்ளை வெளியில வரவேணும். எண்ணெய் குடிச்சா வலி பிடிச்சுக்கொள்ளும்."

அந்த நேரம்தான் சைக்கிள் வேலியில் சாய்ந்தது. மிஸி விமலேஸ்வரியின் வயிற்றில் கை வைத்து நெடுநேரம் பார்த்தா. வலி விட்டுவிட்டு வந்தது, கருப்பை வாய் இன்னும் திறக்கவில்லை. பிள்ளையை உள்ளே நிறுத்தலாம் என்றா. கட்டிலின் கால்மாட்டுக்குக் கல் வைத்து உயர்த்தச் சொன்னா. பிறகு குசினிக்கு வந்து சட்டியைப் பார்த்தா. குரல் தாழ்ந்தது.

"இது ஆருக்கு?"

"பிள்ளை தப்பவேணுமெண்டு, மிஸி. ஏழில வந்தா தப்பும்."

"ஓம். போன வருசம் இந்த வாய்க்கால் கரையில மூண்டு ஏழு மாதப் பிள்ளையள் தப்பினவையள். நான்தான் குளிப்பாட்டித் துணியில சுத்திக் குடுத்தனான், புதைக்க."

தம்பி விடவில்லை. "இருபத்தெட்டுக் கிழமை தாண்டினா உயிருள்ள பிள்ளை எண்டு நீங்கள்தானே கிராமச் சங்கக் கூட்டத்தில சொன்னனீங்கள். இவளுக்கு முப்பது."

"நான் சொன்னது பதிவுக்கு. இருபத்தெட்டுக்குப் பிறகு செத்துப் பிறந்தாலும் பதிய வேணும், அதுக்கு முன்னம் எண்டால் கரு அழிஞ்சதெண்டு எழுதுவம். அது சட்டம் கீறின கோடு. கோட்டைத் தாண்டினா தப்பக்கூடும், அவ்வளவுதான். ஒவ்வொரு கிழமையும் உள்ள இருக்க இருக்கத்தான் அந்தக் 'கூடும்' பெரிசாகும்."

அவா ஒரு துணியை நனைத்து மடித்துத் தம்பியின் முன்னால் போட்டா.

"இதின்ர இரண்டு பக்கத்தையும் பிரிச்சுப் பாரும். ஒட்டுது, என்ன? நெஞ்சுக்குள்ள சுவாசப்பை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ். மூச்சு விடேக்க அந்தக் குமிழ் இப்பிடித்தான் ஒட்டும். ஒட்டாமல் வைச்சிருக்க ஒரு வழுக்கல் ஊறவேணும், வவுனியாவில பெரிய டொக்டர் சொன்னவர். முப்பதில அது காணாது. முப்பத்தஞ்சில அனேகமாய்க் காணும். போன வருசத்துப் பிள்ளையளில ஒண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ள போய், முனகி முனகி அரை நாள் இருந்தது. அந்த முனகலை நீர் கேக்கேல்ல. நான் கேட்டனான்."

தம்பி துணியைத் தள்ளி வைத்தான்.

"மூளையும் அப்பிடித்தான். இப்ப மடிப்புக் குறைவு, வழவழப்பா இருக்கும். மூச்சு விடு எண்டு சொல்லவே இடைக்கிட மறந்துபோகும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுறதை ஒண்டா ஒழுங்குபடுத்த முப்பத்துநாலு கிழமை ஆகும். தோலுக்குக் கீழ கொழுப்பும் இல்லை. சிவந்து, சுருங்கி, ஒரு காத்தடிச்சாலே குளிர்ந்துபோகும். இதெல்லாம் கடைசி இரண்டு மாதத்திலதான் ஏறுறது. நீர் அதை இரண்டு நாளில முடிக்கப் பாக்கிறீர்."

"நீங்கள் புத்தகத்தைப் படிச்சுச் சொல்லுறியள்," என்றான் தம்பி. "என்ர மருமகன் பாலன் ஏழு மாதத்தில பிறந்தவன். இண்டைக்கு ஆளைப் பாருங்கோ, எருமைக் கன்று மாதிரி. அக்காவைக் கேளுங்கோ."

மிஸி என் பக்கம் திரும்பவே இல்லை. எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றா. ஒரு சொல் அவா சொல்லியிருந்தால் போதும். பதிவுப் புத்தகம் அவாவின் பையில்தான் இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காட்டித் தன் வாதத்தை வெல்ல அவாவுக்கு மனம் வரவில்லை. அது எனக்கு விளங்கியபோது என் மேலேயே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனுக்கு ஏற்றிய அத்தனை விளக்கும் யாருக்காக?

"தம்பி, பாலன் ஏழு மாதப் பிள்ளை இல்லை," என்றேன்.

"என்ன கதைக்கிறாய்?"

"நிறை மாதப் பிள்ளை. தாலிக்கு முந்தி வயிற்றில இருந்தவன். ஆறரை றாத்தல். மிஸிக்குத் தெரியும்."

விமலேஸ்வரி அறைக்குள்ளே முனகுவதை நிறுத்தினாள். தம்பி என்னை அடிப்பான் போலத்தான் பார்த்தான். "உன்ர வெட்கத்தை மறைக்க, என்ர பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தனீ," என்றான். அது உண்மை. அவன் சட்டியைத் தூக்கி எண்ணெயை வாழையடியில் ஊற்றிவிட்டு, வாடகைக் கார் பார்க்கச் சந்திக்கு ஓடினான்.

விமலேஸ்வரியை ஆசுபத்திரியில் வைத்து ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். அவள் படுத்திருந்த நாலரைக் கிழமையும் மிஸி ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போனா. முப்பத்தைந்தாம் கிழமையில், ஊர் பயந்த அந்த எட்டாம் மாதத்திலேயே, பெண் குழந்தை பிறந்து அழுதது. நாலே முக்கால் றாத்தல். மெல்லிசாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குழி உள்ளே போகவில்லை. முதலில் கரண்டியால் பால், நாலாம் நாள் முலை. தாயின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திச் சூடு காத்தோம். என்னைப் பிள்ளையைத் தொடத் தம்பி விடவில்லை. துணிமணி தோய்க்க மட்டும் விட்டான்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து அம்மன் கோயிலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பிரகாரத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டு எந்த மாதத்துப் பிள்ளை என்று கேட்டார்கள். எட்டு என்றால் கண்ணேறு படும் என்று நினைத்தானோ, கதை வளரும் என்று நினைத்தானோ, தம்பி சொன்னான்:

"ஏழாம் மாதம்."

"பாத்தியளே, ஏழு எண்டால் தப்பும்," என்றாள் வீரகத்தியின் மனிசி. அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய மகள் நின்றாள், ஆறு மாத வயிற்றோடு.

தூணடியில் மிஸி நின்றா. அவாவின் உதடு இறுகியது. அன்றைக்கும் அவா தம்பியைக் காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் குங்குமத் தட்டைக் கீழே வைத்தேன். கோயிலுக்குள் நான் உரத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"பொய். இந்தப் பிள்ளை எட்டாம் மாதத்துப் பிள்ளை. நாலரைக் கிழமை கூட உள்ள இருந்ததாலதான் தப்பினது. ஏழு மாதத்தில பிறந்து கொழுத்தவன் எண்டு நீங்கள் சொல்லுற என்ர பாலன் நிறை மாதத்தில பிறந்தவன். விருப்பமான ஆக்கள் கணக்குப் போட்டுப் பாருங்கோ."

சிலர் விரல் மடிக்கத் தொடங்கினார்கள். வீரகத்தியின் மகள் மட்டும் மிஸியின் பக்கம் போய், தனக்கு எத்தனை கிழமை என்று மெல்லக் கேட்டாள்.