எண்ட்ரோபி தாவிய இடம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்குத் தராசு என்று பட்டப்பெயர். கடுகளவு படிகத்தைக் கருவிக்குள் வைக்கும் முன் எடை போடுவார், வெளியே எடுத்ததும் மறுபடி போடுவார். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு அவர் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது. கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்தவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம். கருவி மக்கர் பண்ணினால் அதைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

நான் அங்கே படிகம் வளர்ப்பவன். உலையின் வெப்பத்தை மெல்ல மெல்ல இறக்கி, வாரக்கணக்கில் காத்துக்கிடந்து வளர்த்துக் கொடுப்பேன். அக்கா அதைக் குளிரவைத்து, எந்த வெப்பநிலையில் அது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறது என்று அளப்பார். குளிர்ந்து திரும்பும் படிகத்தில் ஒவ்வொரு முறையும் விரிசல் இருக்கும். எங்கள் பேராசிரியரைப் பெரியவர் என்று கூப்பிடுவோம். வயதை வைத்து அல்ல, தன்னைப் பற்றி அவருக்கிருந்த எண்ணத்தை வைத்து. "என்னப்பா வளக்கறே, பிஸ்கட்டா?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் ஃப்ரீ எனர்ஜியை, அதாவது அதிலிருந்து வேலையாக மாற்றக்கூடிய ஆற்றலை, வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், நிலை மாறும் இடத்திலும் அந்தக் கோடு அறுந்துபோகாது. அதன் சாய்வைப் பார்க்க வேண்டும். சாய்வுதான், குறியை மாற்றிப் போட்டால், எண்ட்ரோபி, அதாவது உள்ளிருக்கும் ஒழுங்கின்மையின் அளவு. கோடு ஒரு புள்ளியில் முறிந்து சாய்வு சட்டென்று தாவினால் அது முதல் வகை மாற்றம். பனிக்கட்டி உருகுவது அப்படித்தான். எவ்வளவு சூடாக்கினாலும் உருகி முடிகிறவரை வெப்பநிலை அசையாது, கொடுத்த வெப்பமெல்லாம் உள்ளுறை வெப்பமாக உள்ளே போய்விடும். சாய்வு தாவாமல் தொடர்ந்து வந்து, சாய்வின் சாய்வு மட்டும் தாவினாலோ கூராக ஏறினாலோ அது இரண்டாம் வகை. சூடாக்கிய இரும்பு காந்தத்தன்மையை இழப்பது அந்த மாதிரி. அங்கே உள்ளுறை வெப்பம் கிடையாது, ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் வெப்பம், அதாவது வெப்ப ஏற்புத்திறன்தான், ஆட்டம் காட்டும். சாய்வு என்கிற முதல் வகைக்கெழுவா, சாய்வின் சாய்வான இரண்டாவதா, எது தாவுகிறது? எங்கள் பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் ஓடியது.

அக்காவின் முதல் கட்டுரை, எங்கள் பொருளில் நடப்பது இரண்டாம் வகை என்று சொன்னது. வெப்ப ஏற்புத்திறன் அழகாக ஏறி, உச்சி தொட்டு, இறங்கியது. பெரியவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கோட்பாட்டுக்காரர் ஒருவர் அந்த அளவீட்டை எடுத்துக்கொண்டு, மாறும் வெப்பநிலையை நெருங்க நெருங்க ஏற்புத்திறன் எந்த அடுக்கில் ஏறுகிறது என்று கணக்குப் போட்டு வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். இரண்டாம் வகையாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்கே அர்த்தம் உண்டு.

ஒரு மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"டேய், உன் படிகத்துல குறையில்லடா. நான்தான் மடச்சி."

"என்னக்கா ஆச்சு?"

"வந்து பாரு."

எங்கள் கருவி படிகத்துக்கு ஒரு துளி வெப்பம் கொடுக்கும். வெப்பநிலை கொஞ்சம் ஏறும், வெப்பத்தை நிறுத்தினால் இறங்கும். ஏறியது இறங்கியது இரண்டையும் சேர்த்து மென்பொருள் ஒரு வளைவைப் பொருத்தி ஏற்புத்திறன் என்று ஒரே ஓர் எண்ணைத் துப்பும். எல்லோரும் அந்த எண்ணைத்தான் எடுப்போம். அந்தச் சின்ன ஏற்றத்துக்கு நடுவில் உள்ளுறை வெப்பம் ஒளிந்திருந்தால் மென்பொருளுக்குத் தெரியாது. பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துப் பூசி மெழுகி, மேடு மாதிரி காட்டிவிடும். பார்க்கிறவன் இரண்டாம் வகை என்றுதான் நினைப்பான்.

அன்றைக்கு அக்கா ஒரே நீளமான வெப்பத்தைக் கொடுத்து மாற்றத்தைத் தாண்டிப் போகவைத்திருந்தார். மென்பொருளை ஓரங்கட்டிவிட்டு, நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை அப்படியே வரைந்திருந்தார். ஏறும்போது ஓரிடத்தில் கோடு படுத்துக்கொண்டது. வெப்பம் போய்க்கொண்டே இருக்க, வெப்பநிலை நகரவில்லை. இறங்கும்போதும் படுத்தது, ஆனால் இன்னும் கீழே.

"சூடு போய்ச் சேர லேட்டாகறதால அப்படித் தெரியலாமேக்கா."

"நானும் அதைத்தான் நெனைச்சேன். மெதுவா, இன்னும் மெதுவா பண்ணிப் பாத்தேன். அந்த இடைவெளி மூடவே இல்லடா. எண்ட்ரோபி தாவுது. முதல் வகை. ஃப்ரீ எனர்ஜியை அழுத்தத்துக்கு எதிரா வரைஞ்சா வர்ற சாய்வுதானே கனஅளவு? அதுவும் கூடவே தாவுது. திடீர்னு உடம்பு சுருங்கினா எந்தப் படிகம் தாங்கும்? அதான் உடையுது. இத்தனை நாள் உன்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாரே அந்த மனுஷன்!"

எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. உடைந்த படிகங்கள் ஒவ்வொன்றும் கண்ணெதிரே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் படிகத்தைக் கருவியில் ஒட்டவைக்கும் பசையைக் குறை சொன்னோம், உலையைக் குறை சொன்னோம், என்னைக் குறை சொன்னோம்.

பெரியவர் வரைபடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை, புரிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"மாசு இருக்கும்மா. சாம்பிள் சரியில்ல."

"மாசு இருந்தா தாவல் மழுங்கும் சார். இல்லாத உள்ளுறை வெப்பத்தை அது எங்கேருந்து கொண்டுவரும்?"

"ஆய்வேடு முடியற நேரத்துல இது எதுக்கு? தலைப்புலயே இரண்டாம் வகைன்னு இருக்கு. பட்டத்தை வாங்கிட்டுப் போ. அப்புறம் யாராவது பாத்துக்கட்டும்."

"கட்டுரையில முதல் பேரு என்னோடது சார்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் பெரியவர்.

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்திய சத்தத்தில் நடைவழியில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அமைதியான மனிதர், அக்காவின் படிப்புக்காகவே மாற்றல் கேட்டு வாங்கி இந்த ஊருக்கு வந்தவர். அவரும் அன்றைக்கு, "சும்மா விட்டுடேன், உனக்கு மட்டும் எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டிருக்கிறார். "பொய்யின்னு தெரிஞ்சதை நான் எப்படிங்க எழுந்து நின்னு சொல்வேன்?" என்று அக்கா கத்தியதில் மகள் அழுதுவிட்டாளாம். மறுநாள் அக்காவே என்னிடம் இதைச் சொன்னார். அப்படியும் ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினார், தலைப்பையும் மாற்றினார். பெரியவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். அக்கா தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றார். கடைசியில், "தேர்வாளர் முன்னாடி நீயே அவமானப்படு" என்று கையெழுத்தைப் போட்டுத் தந்தார்.

அவர் வரவழைத்த வெளித்தேர்வாளர் வேறு யாருமில்லை, அந்தக் கோட்பாட்டுக்காரர்தான். பெரியவரின் நல்லெண்ணத்தை இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் நாற்காலிகள் போதவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கோட்பாட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க அளவீட்டை நம்பித்தான் நான் கணக்கு போட்டேன். இப்ப அதே கையால இல்லைங்கறீங்க."

"ஆமா சார். ஏற்புத்திறன் ஏறுற மாதிரி தெரிஞ்சது உள்ளுறை வெப்பம் சார். மென்பொருள் அதைப் பரப்பிக் காட்டிச்சு. நான் மூல வளைவைப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது."

"அப்ப என் கட்டுரைங்க?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நிக்காது சார். எண்ட்ரோபியே தாவுற இடத்துல அந்த அடுக்குக்கு அர்த்தமில்ல."

கோட்பாட்டுக்காரர் அக்காவின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஏறுகிற கோட்டையும் இறங்குகிற கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நீள அளவீட்டைக் கேட்டார். அதே வெப்பநிலையில் படிகத்தின் நீளமும் தாவியிருந்தது. இன்னும் என்னென்னவோ கேட்டார், கோபமாகத்தான் கேட்டார், அக்காவும் கோபமாகவே பதில் சொன்னார். முடிவில் "சரிதான்" என்று ஒற்றைச் சொல்லோடு கையெழுத்திட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மரியாதை வந்தது.

பட்டம் கிடைத்தது. பழைய கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி அக்காவே இதழுக்கு எழுதினார். அறிவிப்பின் வாசகத்தை அனுப்பியது பெரியவர். "முதல் ஆசிரியரின் பகுப்பாய்வுப் பிழை காரணமாக" என்று அதில் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருஷமே அதே பொருளில் முதல் வகை மாற்றம் என்று பெரியவரின் புதுக் கட்டுரை வந்தது. உடையும் படிகங்களை அவர் அதில் சான்றாகக் காட்டியிருந்தார். அக்காவுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார். நான் அதை அக்காவிடம் காட்டாமல் மறைக்கப் பார்த்தேன். அவர் எனக்கு முன்னாலேயே படித்திருந்தார்.

போன மாதம் அக்கா ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போய்விட்டு, நேராக என் உலை அறைக்கு வந்தார். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கட்டுரை வாபஸ் ஆயிருக்கேன்னு கேட்டாங்கடா. என்ன தப்புன்னு எல்லாத்தையும் விளக்கினேன். நல்லாத்தான் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் நடுவுல இருந்தவர், இந்தத் தப்பை யாரு கண்டுபிடிச்சாங்கன்னார். நான்தான் சார்னேன்."

"அப்புறம்?"

"கண்டுபிடிச்சீங்க சரி, அதை ஏம்மா வெளியே சொன்னீங்கன்னார்."

என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எந்தக் கல்லூரி, எந்த ஆள் என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கிண்டலாக் கேட்டிருந்தா நானே நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன்டா. அந்த மனுஷன் நெசமாவே தெரியாமத்தான் கேட்டாரு. பக்கத்துல இருந்தவங்களும் என் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க."

கண்ணில் தேங்கிய நீரை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நானும் அதைப் பார்க்காதது போல நடிக்கவில்லை.