கம்பியில் ஓடிய முள்

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு குன்றின் உச்சியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறையில், நானும் என் யாழ்ப்பாண நண்பரும் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் வேலை செய்தோம். இருவரும் தொலைத்தொடர்பு இலாகாவில் ஒரே தரத்து டெக்னீஷியன்கள், ஒரே வயது. அவர் பருத்தித்துறைக்காரர். நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். எதை எடுத்தாலும் இருவருக்கும் வாக்குவாதம்தான். அவர் தேநீரில் சீனி போடுவதைப் பற்றிக்கூட நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான். ராகலைக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் ஒவ்வொரு மழைக்கும் மண் சரியும். டெலிபோன் கம்பமும் சேர்ந்து சரியும். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு ரேடியோவை வைத்து, எங்கள் குன்றில் இன்னொன்றை வைத்து, இங்கிருந்து நுவரெலியாவுக்கு லைன் கொடுத்துவிட்டால், மண் சரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

அங்கிருந்து பேசினால் எங்களுக்கு ஓரளவு கேட்டது. நாங்கள் பேசுவதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. ரேடியோவை முழு வலுவில் ஓட்டினால் அதன் கண்ணாடிக் குழாய்களில் கடைசியான வால்வின் தகடு அடுப்புக் கரி மாதிரி சிவந்துவிடும். பாதிக்கும் கீழே குறைத்தால்தான் வால்வு பிழைக்கும். குறைத்தால் குரல் போகாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா தினமும் அதையேதான் சொன்னார்: "ஒண்ணும் வெளங்கலீங்க. மழை பேஞ்ச மாதிரி எரைச்சல்தான் வருது."

காரணம் எங்களுக்குத் தெரியும். கோபுரத்து உச்சியிலிருந்த ஏரியல் ஒருவகைக் கேபிளுக்கென்று செய்தது. அந்தக் கேபிள் கொழும்பிலிருந்து வரவேயில்லை. அதற்குப் பதிலாக அறையிலிருந்து கோபுரத்து அடிவரைக்கும், அங்கிருந்து உச்சிவரைக்கும் இரண்டு செப்புக் கம்பிகளைச் சமதூரத்தில் இழுத்துக் கட்டியிருந்தோம். கம்பி அலைக்குக் காட்டும் எதிர்ப்பு, இம்பீடன்ஸ், ஒன்று, ஏரியலின் இம்பீடன்ஸ் வேறொன்று. போகிற அலையில் ஒரு பங்கு ஏரியலில் மோதித் திரும்பி வந்தது. போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து, கம்பியில் சில இடங்களில் மின்னழுத்தம் குவிந்தும் சில இடங்களில் வற்றியும் நின்றது.

நண்பர் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்த்தார். வால்வு ஒருநாள் கொஞ்சம் கூலாக ஓடும், மறுநாள் பழையபடி சிவக்கும். வெட்டினால் அலையின் எந்த இடம் ரேடியோவுக்கு எதிரே வருகிறது என்பதுதான் மாறும், கம்பியிலுள்ள அலை அப்படியே இருக்கும் என்றேன்.

"அப்ப நீர் என்ன செய்யப் போறீர்?" என்றார்.

"ஸ்டப் போடுவோம்." கம்பியோடு பக்கத்தில் ஒட்டிக் கட்டுகிற ஒரு துண்டுக் கம்பிச் சோடிதான் ஸ்டப்; சரியான இடத்தில் கட்டினால் திரும்புகிற அலையை அது அழித்துவிடும்.

பயிற்சிக் காலத்தில் கொடுத்த வட்டச் சார்ட்டுகளில் சில என் பெட்டியில் இருந்தன. ஒரு பெரிய வட்டத்துக்குள் ஒன்றையொன்று தொட்டபடி வட்டங்களும் விற்களும் நிறைந்த தாள். அதன் ஓரத்தில் ஒரு முழுச் சுற்று என்றால் கம்பியில் அரை அலைநீளம்.

மறுநாள் மூடுபனிக்குள்ளேயே அளந்தோம். ரேடியோவைக் குறைந்த வலுவில் ஓடவிட்டு, மீட்டர் பொருத்திய ஒரு மரக்கட்டையைக் கம்பியின்மேல் நகர்த்திக்கொண்டு போனேன். முள் ஏறும், இறங்கும். முள் மிகவும் இறங்கிய இரண்டு இடங்களுக்கு நடுவே ஆறடி நாலங்குலத்துக்குச் சற்று அதிகம். அதுதான் அரை அலை. ஏறிய இடத்து அழுத்தம் இறங்கிய இடத்தைப்போல் நான்கு மடங்கு.

அறைக்குள் வந்து சார்ட்டில் நடுப்புள்ளியைச் சுற்றி அந்த நான்குக்குரிய வட்டத்தைப் போட்டேன். அழுத்தம் இறங்கிய இடத்தில் இம்பீடன்ஸ் கம்பியினுடையதில் கால்பங்கு. வட்டத்தின் இடது ஓரம். ஸ்டப்பைக் கம்பிக்குக் குறுக்கே பக்கவாட்டில்தான் கட்டப்போகிறோம் என்பதால் அந்தப் புள்ளியை நேர் எதிரே வலது ஓரத்துக்கு மாற்றினோம். அங்கிருந்து வட்டத்தின்மேல் நடந்தால், அது சார்ட்டில் நடுப்புள்ளியைத் தொட்டுப் போகிற 'ஒன்று' வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டுமே இறங்கிய இடத்திலிருந்து பதினோரு அங்குலம்தான்: ஒன்று கோபுரத்துப் பக்கம், மற்றது அறைப் பக்கம். ஸ்டப்பின் நீளம், நுனியில் குறுக்குக் கம்பி வைத்து மூடினால், பதினாலரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

சண்டை அங்கேதான் தொடங்கியது.

"அறைப் பக்கம்தான் கட்ட வேணும்," என்றார் நண்பர். "திரும்பி வாற அலையை வழியில மறிக்கிறதுக்குத்தானே இது!"

"இல்லீங்க. அறைப் பக்கம் போனா சார்ட்ல கீழ்ப் பாதிக்கு வந்துடுறோம். மூடின குட்டை ஸ்டப் இன்னும் கீழதான் தள்ளும். கோபுரத்துப் பக்கம் போனாத்தான் மேல் பாதி. அங்க ஒன்றரை கூட இருக்கு, ஸ்டப் அதே ஒன்றரையைக் கழிச்சிடும்."

"தாளில எல்லாம் சரியாத்தான் வரும்."

"அப்ப ரெண்டையும் கட்டிப் பாப்போம். கம்பியே சொல்லட்டும்."

அதே செப்புக் கம்பியில், அதே இடைவெளியில் ஸ்டப்பைச் செய்தோம். ரேடியோவை நிறுத்திவிட்டு நண்பரே அதை அறைப் பக்கம் கட்டினார். மறுபடி ஓடவிட்டு மீட்டரை நகர்த்தினேன். நான்கு மடங்காக இருந்த வித்தியாசம் பத்தைத் தாண்டிவிட்டது. முள் ஒரு பக்கம் முட்டி நின்றது, சற்றுத் தள்ளினால் அடியில் விழுந்தது.

நண்பர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. உம்மட பக்கம் கட்டும்."

கட்டினேன். கை பனியில் விறைத்து, குறடு இரண்டு தரம் நழுவியது. மீட்டரை ஸ்டப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து அறையை நோக்கி நகர்த்தினேன். முள் லேசாக ஏறி லேசாக இறங்கியது. நான்கு மடங்கு போய், ஒன்றுக்கு ஒன்றரை.

"கிட்ட வந்திட்டுது," என்று கத்தினார் நண்பர். இப்போது அவருக்குத்தான் என்னைவிட அவசரம். "குறுக்குக் கம்பியை அப்பிடியே இறுக்கிப்போட்டீர். அதை நகர்த்துற மாதிரி வையும். கட்டின முனையும் கொஞ்சம் நீளத்தைச் சாப்பிடும்தானே?"

அவர் சொன்னது சரி. குறுக்குக் கம்பியை நகரும்படி கவ்விவைத்து, ரேடியோவை நிறுத்தி, ஒரு நூலளவு நகர்த்தி, மறுபடி ஓடவிட்டு, மீண்டும் நிறுத்தி, இப்படியே போனது. கடைசியில் கட்டையைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஸ்டப்பிலிருந்து அறை வாசல் வரை முள் அசையவில்லை. வர்ணம் பூசின மாதிரி ஒரே இடத்தில் நின்றது. நான் மீட்டர் செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். நண்பர் கட்டையைப் பிடுங்கி, தாமே ஒருதரம் முழு நீளமும் நடந்துவிட்டு வந்தார். இரண்டாம் தரமும் நடந்தார். பிறகு அந்த ஈரப் புல்லில் நின்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

முழு வலுவைக் கொடுத்தோம். இருவரும் வால்வின் முன்னால் குந்தியிருந்து பார்த்தோம். தகடு கறுப்பாகவே இருந்தது.

மைக்கை எடுத்து, பழக்கதோஷத்தில், தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

அப்புறம் டிஸ்பென்சர் ஐயாவின் குரல்: "ஐயோ சாமி, எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? காது அடைச்சுப் போச்சு. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது!"

நண்பர் சிரித்துச் சிரித்து இருமினார். நான் மெதுவாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னார். அங்கே மழையா என்று கேட்டேன். "கொட்டுதுங்க," என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. மருந்து கட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு அவரையும் பேசவைத்தார். அந்த அம்மா வெட்கப்பட்டு ஒரே ஒரு "ஆமாங்க" மட்டும் சொன்னார். அதுவும் தெளிவாகக் கேட்டது.

ஸ்டப்பின் குறுக்குக் கம்பியின் நடுவிலிருந்து ஒரு கம்பியை மண்ணுக்கு இறக்கினால் இடிமின்னலுக்கும் காவல் என்று நண்பர் யோசனை சொன்னார். அன்றைக்கே செய்தோம். அவரோடு நான் வாக்குவாதம் செய்யாத ஒரே விஷயம் அது.

அடுத்த வாரம் ராகலைச் சாலை மறுபடி சரிந்தது. கம்பங்கள் விழுந்தன. அன்று காலை ஒரு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள்மேல் மண் இறங்கிவிட்டது. டிஸ்பென்சர் ஐயா கூப்பிட்டார், நான் செய்தியை நுவரெலியாவுக்குக் கொடுத்தேன், ஆம்புலன்ஸ் சரிவின் இந்தப் பக்கம் வந்து நின்றது. தோட்டத்து ஆட்கள் தூளி கட்டி அவர்களைத் தூக்கிவந்து சேர்த்தார்கள். சாயங்காலம் நுவரெலியாவிலிருந்து செய்தி வந்தது. அதை நண்பர்தான் மைக்கில் சொன்னார், தன் பருத்தித்துறைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக:

"மூண்டு பேரும் தப்பிட்டினம். கேக்குதோ? மூண்டு பேரும்."

"கேக்குதுங்க," என்றார் டிஸ்பென்சர் ஐயா. அவருக்குப் பின்னால் நிறையப் பேர் நின்றிருக்க வேண்டும். எங்கள் சின்ன அறை முழுவதும் அவர்கள் போட்ட சத்தத்தால் நிறைந்தது.