ஜாபஸ் அனுப்பிய இடம்

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை வீட்டுக்கு ஒருவர் இருப்பார். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவது அவர் புண்ணியத்தில்தான். ஞானசௌந்தரி வீட்டில் அது மூத்தவன் ஜாபஸ். வயது முப்பத்தெட்டு. திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் வேலை. அப்பா போனதிலிருந்து கேஸ் புக் பண்ணுவது முதல் தங்கை ஜெபிஷாவுக்கு வரன் பார்ப்பது வரை எல்லாம் அவன் தலையில். களைப்பாக இருக்கிறது என்று அவன் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை.

இன்று ஜெபிஷாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரசன்னாவுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அவனைப் பெற்ற அன்னம்மாள் பெண்ணை வீடியோ காலில்தான் பார்த்திருந்தாள். நேரில் வருகிறோம் என்றபோதெல்லாம், "ஊட்ல பெயிண்ட் வேல நடக்குதுங்க" என்று ஞானசௌந்தரி தள்ளிப்போட்டாள். அவர்கள் இருந்தது திருநின்றவூர் ஏரிப்பக்கம், சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை, அதுவும் வாடகை. பார்த்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால்தான் நிச்சயத்தை நெமிலிச்சேரியில் ஒரு சர்ச் ஹாலில் வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பொறுப்பும் ஜாபஸுக்கே வந்தது.

காலை ஆறு மணிக்கே ஹாலுக்குப் போய் நாற்காலி போட்டான். பிறகு அறுபது பேர் இருக்கும் 'ஜெபிஷா நிச்சயம்' குரூப்பில் எழுதினான்:

"வெளியூரிலிருந்து வருபவர்கள் வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு பிடிக்கவும். நெமிலிச்சேரியில் இறங்கி, திருவள்ளூர் ரோட்டில் ஆவடி பக்கம் திரும்பவும். தண்ணீர் டேங்க் தாண்டியதும் மருந்துக்கடை. அதை ஒட்டிய சந்தில் நீல கேட். முதலில் வரும் நீல கேட் ஸ்கூல், அது வேண்டாம், இரண்டாவது. லொக்கேஷன் கீழே."

எழுதியதில் ஒரு குறையும் இல்லை. தப்பு செய்தது அதற்கடுத்து அழுத்திய விரல். போனில் இரண்டு வழி காட்டியது: மேலே லைவ் லொக்கேஷன், கீழே இப்போது இருக்கும் இடம். இரண்டு நாளாகத் தூங்காத கண். மேலே இருந்ததை அழுத்தினான். எத்தனை நேரம் என்று கேட்டது. விருந்து முடியும்வரை இருக்கட்டுமே என்று எட்டு மணி நேரத்தைத் தொட்டான். ஆக, அவன் அனுப்பியது ஹால் இருக்கும் இடம் அல்ல, தான் இருக்கும் இடம். அவன் எங்கே போனாலும் அவன் முகம் போட்ட வட்டமும் மேப்பில் கூடவே போகும். இது தெரியாமல், குளித்துச் சட்டை மாற்ற எட்டரை மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

தலையில் சோப்போடு நிற்கும்போது அம்மா கதவைத் தட்டினாள். "டேய், வாசல்ல ஒரு வேன் நிக்குதுடா. நாகர்கோவில் நம்பரு."

ஈரத் துண்டோடு ஓடி வந்தான். வேனிலிருந்து அன்னம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள், கையில் போன்.

"நெமிலிச்சேரி வந்து எறங்குனோம் மக்களே. பாத்தா உனக்க மொகம் இந்தப் பக்கமா ஓடுது. ஹால மாத்திட்டாங்கன்னு நெனச்சு பின்னாலயே வந்தோம். போன் அடிச்சா எடுக்கல."

ஜாபஸுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்னம்மாள் கூரையைப் பார்த்தாள், காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தாள்.

"பெயிண்டு எங்க அடிச்சீங்க?"

ஞானசௌந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இனி ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்க ஜாபஸிடம் தெம்பில்லை.

"பெயிண்ட் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வாடகை ஊடு. பாத்தா வேணாம்னுடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல. ஜெபிஷா சொல்லிடலாம்னுதான் சொன்னா. நாங்கதான் கேக்கல."

"அது பொறவு பேசுவோம். ராத்திரி முழுக்க வேன்ல இருந்திருக்கேன். மொதல்ல பாத்ரூம் எங்கன்னு சொல்லு."

திரும்பி வந்தவள் தரையில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை நீட்டி, ஜெபிஷா கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்தாள். ஜாபஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லதோ கெட்டதோ சீக்கிரம் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, குரூப்பில் பேச ஆரம்பித்தாள்.

"பின்னால வாற ரெண்டு வேன்காரங்களும் கேளுங்க. ஹாலுக்கு இப்பம் போகாண்டாம், குளிக்க எடம் இருக்காது. நேரா திருநின்றவூர் வாங்க. ஏரிக்கரை தாண்டி கோழிக்கடை, அதுக்க எதுத்த சந்து. கடைசியில ஷீட்டுப் போட்ட வீடு, அதான் அடையாளம். யாரு வீடுன்னு கேட்டா நம்ம சம்பந்தக்காரங்க வீடுன்னு சொல்லுங்க."

அறுபது பேருக்கும் போய்விட்டது. ஜாபஸுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது. சமையலறையில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

"அழுவாதம்மா," என்றான். "இன்னும் முப்பது பேர் குளிக்கணும். குடத்த எடு."