எல்லாரும்: ஆமாங்க

மகள் தவழத் தொடங்கியிருந்த மாதங்களில் நான் கண்டியில் ஒரு சுகாதார ஆய்வுக் குழுவில் வேலை செய்தேன். தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் ஆறு மாதம் முடிவதற்கு முன்பே பிள்ளைக்குப் போத்தல் பால் கொடுப்பது ஏன் என்பதுதான் எங்கள் கேள்வி. எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பது கிளினிக் பதிவுகளில் இருக்கும். ஏன் என்பது இருக்காது. அதனால் தாய்மாரைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, அவர்களையே பேச விட்டு, பதிவுசெய்வது என்று தீர்மானித்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் பேச்சை நடத்துவார். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பேன்.

மூன்று கூட்டங்கள் ஹந்தானை மலைப்பக்கத் தோட்டம் ஒன்றின் பிள்ளைமடுவத்தில் நடந்தன. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கதிரைகள் இருந்தன, கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள், மழைக்கும் ஒதுங்கலாம். ஆட்களைக் கூப்பிட்டுத் தந்ததே மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான். கூப்பிட்டவரை வெளியே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மருமகள்களோடு மாமியார்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் கூட்டம் முடிந்ததுமே இது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் புதிது, அதோடு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த வாரமே ஒரு நாள் லீவு எடுத்திருந்தேன். நடத்துகிற அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "ஓம், எனக்கும் விளங்குது. ஆனா இடத்தை மாத்தச் சொல்ல வேண்டியது சேர் எல்லோ," என்றார், எங்கள் டொக்டரை நினைத்து.

பதிவுகள் தட்டச்சாகி வந்தன. போத்தல் பால் ஏன் என்ற கேள்விக்கு ஒரு மாமியார், "பால் பத்தலங்க" என்கிறார். அடுத்த வரியில், "எல்லாரும்: ஆமாங்க." மூன்று கூட்டங்களிலும் அதே வரி. அக்காவும் நானும் தனித்தனியாக வாசித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அது சொல்லும் விஷயத்தைச் சுருக்கி ஓரத்தில் எழுதினோம். பிறகு ஒத்தவற்றைச் சேர்த்துக் கருப்பொருள்களாக்கினோம். எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் முதலாவது கருப்பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டார்: 'பால் போதாது என்ற தவறான நம்பிக்கை'. அதற்குப் பொருத்தமான பரிந்துரையும் தயார். விழிப்புணர்வு வகுப்பு.

எனக்கு அந்த 'எல்லாரும்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. என் குறிப்பில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வட்டம் வரைந்து வைத்திருந்தேன். பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஆமாங்க என்றது இரண்டு மாமியார்களும் மடுவத்து அம்மாவும். இளம் தாய்மார் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெண் மட்டும், "மலைக்குப் போறப்ப…" என்று தொடங்கினாள், கொழுந்து பறிக்கப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். அதற்குள் வேறு குரல் ஏறிவிட்டது. தட்டச்சுசெய்தவர் அந்த அரை வரியை எழுதவே இல்லை.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர், எல்லோரையும் தங்கச்சி என்பார். மூன்று குழுவிலும் ஒரே பதில்தானே, புதிதாக ஒன்றும் வராத நிலைக்கு வந்துவிட்டோமே என்றார். ஒரே மாதிரி கூட்டிய குழுக்கள் ஒரே மாதிரித்தான் பேசும், அதை வைத்து இனிப் புதிதாக ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். 

"தங்கச்சி, நீங்களும் கைப்பிள்ளையோட வேலைக்கு வந்தவங்க. ஒங்கட கதைய அவங்கட வாயில வைக்கிறீங்களோன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

யோசிக்காமல் இருப்பேனா? வேறு என்ன யோசித்தேன்? அலுவலகக் கழிவறையில் நின்று பாலைப் பிழிந்து ஊற்றியவள் நான். மெல்ல மெல்ல வற்றிப்போனது. வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம்தான் காரணம் என்று எனக்குள் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது. அந்த அரை வரியை நான் அதனால்தான் கேட்டேனோ? வீட்டுக்குப் போய் என் எண்ணம் இன்னது, என் அனுபவம் இன்னது என்று தனியாக எழுதி வைத்தேன். அது ஆய்வு முறையிலேயே உள்ளதுதான். எழுதியும் நிம்மதி வரவில்லை.

கடைசியில் டொக்டர் இன்னொரு கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டார். இம்முறை இளம் தாய்மார் மட்டும், கோயில் மண்டபத்தில், மடுவத்து அம்மா மூலமாக அல்லாமல் நாங்களே வீடு வீடாகப் போய் அழைத்தோம். அக்காவே நடத்தினார், நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அக்காவின் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். "டீச்சர் மாதிரியே பேசுறீங்க," என்றாள் ஒருத்தி. சிரித்த பிறகு பேச்சு வந்தது.

தூரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா வேலை இடத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்டும், "அது பெரிசில்லங்க" என்றார்கள். என் மூஞ்சி சூடானது. பிறகு ஒருத்தி சொன்னாள்:

"லீவு முடிஞ்சா மலைக்குப் போகணும். போத்தல் குடிக்காத புள்ளைய மடுவத்துல எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் அது அழுதுகிட்டே கெடக்கும். அதுக்கு முந்தியே பழக்கிப்புடுவோம்."

பால் போதாது என்று முன்பு சொன்னார்களே என்றார் அக்கா.

"அப்படிச் சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

ஒருத்தி உடனே மறுத்தாள். தனக்கு உண்மையிலேயே பால் வரவில்லை, பழக்குவதற்காக இல்லை என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன், பொருந்தாததை மறைத்துவிட்டால் மற்றதை யார் நம்புவார்கள். மடுவத்து அம்மாவுக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம் என்று போகும்போது சொன்னார்கள். அதனால் அவர்கள் சொன்ன மிகக் கூர்மையான வரிகளை அறிக்கையில் அப்படியே போட முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

டொக்டர் முதலில் கேட்டது, "எத்தன பேர் அப்படிச் சொன்னாங்க?"

எண்ணிக்கை இல்லாத ஆய்வு என்று முதல் பக்கத்தில் எழுதியவரே அவர்தான். மூன்று குழுக்களுக்கு எதிராக ஒன்று என்பதுபோல் கணக்குப் போட்டார். எத்தனை வாய் சொன்னது என்பதல்ல, யார் முன்னால் எதைச் சொன்னார்கள் என்பதுதான் இங்கே சான்று என்று அக்கா விளக்கினார். குழு கூடிய விதம், இருவரும் எங்கே வேறுபட்டோம், கருப்பொருளை ஏன் மாற்றினோம், பொருந்தாமல் நின்ற அந்தத் தாய், எல்லாம் வரிசையாக வைத்தோம். இறுதியில் டொக்டர் அந்தக் கருப்பொருளின் தலைப்பை மாற்றினார்: 'பால் போதாது: சொல்லத்தக்க ஒரு காரணம்'. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

பரிந்துரைப் பக்கத்தைப் புரட்டினேன். விழிப்புணர்வு வகுப்பு அப்படியே இருந்தது. மடுவத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் முறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வகுப்புக்கு மேலிடத்தில் ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றார். ஆய்வு சொன்னதும் பரிந்துரை சொல்வதும் ஒன்றோடொன்று பேசவே இல்லையே, சேர் என்றேன்.

"தலைப்ப மாத்திட்டேனே, தங்கச்சி. இன்னும் என்ன?"

என்னிடம் நல்ல தமிழ் இருக்கிறது என்று வகுப்புக்கான துண்டுப்பிரசுரத்தை எழுதும் வேலை எனக்கே வந்தது. பால் போதாது என்று நினைக்க வேண்டாம், தாய்மாரே, என்று முதல் வரியை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். என்னால் முடியாது என்று பதில் எழுதினேன், காரணத்தையும் எழுதினேன். அனுப்பிய பிறகு, மரியாதைக் குறைவாகப் போய்விட்டதோ என்று பலமுறை திறந்து வாசித்துப் பார்த்தேன். அக்காவும் மறுத்துவிட்டார். வெளியில் வேறு யாரையோ பிடித்து எழுதுவித்தார்கள். அடுத்த வாரம் வகுப்பு, பிள்ளைமடுவத்தில்.